சிட்டி ஓட்டல் ரிசப்ஷனிஸ்டுக்குப் பணி விவரம் எழுதுவது எப்படி?

ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலான ஓட்டல்களில் நடப்பது இதுதான். இணையத்தில் கிடைக்கும் ஒரு மாதிரியை எடுத்து, ஓட்டல் பெயரை மட்டும் மாற்றி, விளம்பரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். "விருந்தினரை இன்முகத்துடன் வரவேற்க வேண்டும், குழுவாக இணைந்து பணியாற்ற வேண்டும்" என்பது போன்ற வரிகள்தான் அதில் இருக்கும். சேர்ந்து பதினைந்து நாள் கழித்து இரவு ஒன்றரை மணிக்கு ஒருவர் வந்து "வாடகையில் முந்நூறு ரூபாய் குறைப்பீங்களா?" என்று கேட்பார். குறைக்கலாமா கூடாதா, யாரைக் கேட்பது என்று புதியவருக்குத் தெரியாது. பணி விவரத்தில் இருந்திருக்க வேண்டிய வரி இதுதான். இன்முக வரவேற்பு அங்கே அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

முதல்முறையாகப் பணி விவரம் எழுத உட்காரும் ஃப்ரண்ட் ஆபீஸ் பொறுப்பாளருக்கோ, சொந்த ஓட்டல் நடத்துபவருக்கோ ஆகட்டும் என்று, ஓர் ஓட்டலை எடுத்துக்காட்டாக வைத்தே சொல்கிறேன். கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 48 அறைகள் கொண்ட ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம். பம்ப், மோட்டார், ஜவுளி வியாபாரமாக வருபவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார், பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் மலையாளிகள், ஊட்டிக்குப் போகும் வழியில் ஒரு இரவு தங்குபவர்கள் என்று எல்லாரும் வரும் இடம்.

எழுதும் முன் லாக் புக்கைப் படியுங்கள்

ரிசப்ஷன் மேசையில் ஷிஃப்ட் மாறும்போது எழுதும் லாக் புக் இருக்கும். கடைசி ஒரு மாதத்துப் பக்கங்களை எடுத்து, ஒரே மாதிரி விஷயம் எத்தனை முறை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறை எண் 207-இல் ஏசி வேலை செய்யவில்லை, ஆன்லைன் புக்கிங்கில் வந்தவருக்கு அறை இல்லை, கம்பெனி பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பு, பெட்டியை வைத்துவிட்டுப் போனவர் திரும்பக் கேட்கிறார் என்று வரும். உங்கள் ஓட்டலில் ரிசப்ஷனிஸ்ட் உண்மையில் செய்கிற வேலை அங்கேதான் எழுதியிருக்கிறது.

அதோடு மூன்று வேளை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதிகாலை ஐந்தரை முதல் எட்டு வரை, காலை பதினொன்று முதல் ஒன்று வரை, இரவு பதினொன்றுக்கு மேல். நம் எடுத்துக்காட்டு ஓட்டலில் முதல் வேளையிலேயே ஒரு விஷயம் பிடிபடும். சென்னையிலிருந்து சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ்களில் வருபவர்களும் ஆம்னி பஸ்ஸில் வருபவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மேசை முன் நிற்பார்கள். காலை ஷிஃப்ட் ஏழு மணிக்குத் தொடங்குவதால், இரவெல்லாம் விழித்திருந்த ஒரே ஆள் அந்தக் கூட்டம் முழுவதையும் தனியாகச் சமாளிப்பார். அடையாள அட்டை நகல் எடுக்க விட்டுப்போவது, ஒரே அறையை இருவருக்குக் கொடுப்பது போன்ற தவறுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

இதைப் பார்த்தபின் ஷிஃப்டை 6 முதல் 2.30, 2 முதல் 10.30, 10 முதல் 6.30 என்று மாற்றிவிட்டு எழுதுவது நல்லது. ஷிஃப்ட் நேரத்திலேயே கோளாறு இருந்தால், அதை ஆள் மாற்றிச் சரிசெய்ய முடியாது. நடுவே வரும் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து நின்று கணக்கு ஒப்படைப்பதற்கு. அதைச் சம்பளத்துக்குள் வரும் வேலை நேரமாகவே எழுத வேண்டும். பல இடங்களில் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்புறம் ஒப்படைப்பும் அவசர அவசரமாகவே நடக்கும்.

எந்த மேசை வேலை யாருடையது?

பெரிய ஓட்டலில் முன்பதிவு, காசாளர், டெலிபோன் ஆபரேட்டர், இரவுக் கணக்கு பார்க்கும் நைட் ஆடிட்டர் எல்லாரும் தனித்தனி ஆட்கள். 48 அறை ஓட்டலில் இந்த நான்கும் ரிசப்ஷனிஸ்ட் தலையில்தான். பெரிய ஓட்டலின் பணி விவரத்தை அப்படியே எடுத்து எழுதினால், கல்லாவையும் நைட் ஆடிட்டையும் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வந்தவர் "இது என் வேலை என்று சொல்லவே இல்லையே" என்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

அதனால் முதல் பத்தியில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். ரிசப்ஷனோடு வேறு எந்தெந்த வேலை சேர்ந்திருக்கிறது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்த ஆள் இல்லாத நேரத்தில் யாரிடம் கேட்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பகலில் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர் இருப்பார். இரவில் டூட்டி மேனேஜர் மாடியில் தூங்கலாம், வீட்டிலும் இருக்கலாம். அவரை எந்த விஷயத்துக்கு எழுப்பலாம் என்பதையும் எழுதுங்கள். தீ, உடல்நலக் கோளாறு, போலீஸ் விசாரணை, புக்கிங் இருந்தும் அறை இல்லாத நிலை ஆகிய நான்குக்கும் எந்த நேரமானாலும் போன் செய்யலாம் என்று எழுத்தில் இருந்தால், புதிதாக வந்தவர் தயங்க மாட்டார்.

கண்ணால் பார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள்

ஒவ்வொரு வேலையையும் எழுதியபின் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற ஒருவர், இந்த வேலை நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? "செக்-இன் நடைமுறைகளைக் கையாளுதல்" என்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அதையே பிரித்து எழுதினால் இப்படி வரும்:

"வருபவரின் அசல் அடையாள அட்டையை வாங்கி, முகத்தோடும் முகவரியோடும் ஒப்பிட்டு, நகல் எடுத்து உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். அறையில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் இது தேவை. பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, அட்வான்ஸுக்கு ரசீது கொடுத்தபின்தான் சாவி. அறை தயாரா என்று ஹவுஸ்கீப்பிங்கிடம் உறுதி செய்யாமல் யாரையும் மேலே அனுப்பக்கூடாது."

இதைப் படிக்கிற புதியவருக்கு வேலையின் வரிசை கண் முன்னே வரும். பான் கார்டைக் காட்டி அறை கேட்பவர்கள் உண்டு. அதில் முகவரி இல்லாததால் பெரும்பாலான ஓட்டல்கள் ஏற்பதில்லை. உங்கள் ஓட்டல் எந்தெந்த அட்டைகளை ஏற்கும் என்பதை அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் குடிவரவுத் தளத்தில் பதிய வேண்டும். ஓட்டல் வட்டாரத்தில் அதை சி ஃபார்ம் என்பார்கள். காந்திபுரம் போன்ற இடத்தில் வெளிநாட்டவர் தினமும் வர மாட்டார்கள் என்பதால் இந்த வேலை மறந்துபோகும். இரவில் வந்தவருடையதைக் காலை ஷிஃப்ட் செய்யும் என்று இவரும், இரவே முடிந்திருக்கும் என்று அவரும் இருந்துவிடுவார்கள். "செக்-இன் செய்த ஆளே தன் ஷிஃப்ட் முடிவதற்குள் பதிய வேண்டும்" என்று எழுதினால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அரிதாக வரும், ஆனால் சட்டப்படி கட்டாயமான எந்த வேலைக்கும் இப்படி ஒரு பெயரும் ஒரு கெடுவும் வேண்டும்.

செக்-அவுட்டில் கம்பெனி பில்தான் தலைவலி. வியாபாரமாக வந்தவர் போய் இரண்டு நாள் கழித்து, "எங்க கம்பெனி ஜிஎஸ்டி எண் தப்பா இருக்கு, பில்லை மாத்திக் கொடுங்க" என்று போன் செய்வார். இதைத் தவிர்க்க, செக்-இன்னிலேயே பில் யார் பெயரில் என்று கேட்டு, 15 எழுத்து கொண்ட அந்த எண்ணை வாங்கிப் பதிந்துகொள்வது என்று செக்-இன் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.

போன் எடுப்பது, பெட்டி பாதுகாப்பது, டாக்சி சொல்வது போன்றவற்றை ஒவ்வொன்றும் ஒரு வரியில் முடித்துவிடலாம். எல்லாவற்றையும் விரித்தால் ஆறு பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். உள்ளே வைத்துக்கொள்ளும் பணி விவரம் இரண்டு பக்கம், விளம்பரத்துக்குப் போவது அதிலிருந்து எடுத்த அரைப் பக்கம். அந்த அளவு போதும்.

அதிகாரத்தின் எல்லை

பணி விவரத்தில் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இந்தப் பகுதிக்குத்தான். ரிசப்ஷனிஸ்ட் தானாக எதை முடிவு செய்யலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

வாடகைக் குறைப்பை எடுத்துக்கொள்வோம். நம் ஓட்டலில் டீலக்ஸ் அறை 2,400 ரூபாய். நேராக வந்து அறை கேட்பவருக்கு 10 சதவீதம், அதாவது 240 ரூபாய் வரை ரிசப்ஷனிஸ்டே குறைக்கலாம், காரணத்தை சாஃப்ட்வேரில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் டூட்டி மேனேஜர். ஆன்லைனில் புக் செய்து வந்தவருக்கு மேசையில் குறைப்பே கிடையாது, அந்த விலை ஏற்கெனவே முடிவானது. இப்போது இரவு ஒன்றரை மணிக்கு முந்நூறு கேட்டவருக்கு, "இருநூற்று நாற்பது வரை செய்றேன் சார்" என்று ரிசப்ஷனிஸ்டால் உடனே சொல்ல முடியும். யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, வந்தவரும் பக்கத்து ஓட்டலுக்குப் போக மாட்டார்.

அதே மாதிரி சீக்கிரம் வருபவர்கள். செக்-இன் பன்னிரண்டு மணி என்றிருக்கும் ஓட்டலில் காலை ஆறு மணிக்கே ஒருவர் வந்து நிற்கிறார். சுத்தம் செய்த அறை காலியாக இருந்தால் அரை நாள் வாடகை வாங்குவதா, இலவசமா? இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் ஓட்டலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரு ரிசப்ஷனிஸ்ட் வாங்குவார், இன்னொருவர் விட்டுவிடுவார். அடிக்கடி வரும் விருந்தினர் அதைக் கவனித்துக் கேட்பார்.

புக்கிங் இருந்தும் அறை இல்லாத நிலைதான் மிகக் கடினம். வேறு ஓட்டலுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் வண்டிச் செலவை நாம் கொடுக்கலாமா, எந்த ஓட்டலில் கேட்பது, வாடகை வித்தியாசம் யார் பொறுப்பு என்பதை டூட்டி மேனேஜர்தான் முடிவு செய்வார். அவர் வரும்வரை விருந்தினரை உட்காரவைத்து, காபி கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொல்வது ரிசப்ஷனிஸ்ட் வேலை. இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்.

செய்யவே கூடாதவை கொஞ்சம்தான். தங்கியிருப்பவரின் அறை எண்ணையோ, அவர் இருக்கிறாரா என்பதையோ கேட்டு வருபவரிடம் சொல்லக்கூடாது. அறைக்குப் போன் செய்து, அவர் சம்மதித்தால் மட்டும் பேசவைக்கலாம். ஒருவர் அறைச் சாவியை "அவர் தம்பி நான்" என்று வருபவரிடம் கொடுக்கக்கூடாது. பணத்தை ரசீது இல்லாமல் வாங்கவோ, சொந்த யுபிஐ கணக்கில் பெறவோ கூடாது. போட்ட பில்லை மேனேஜர் அனுமதி இல்லாமல் ரத்து செய்யக்கூடாது.

கல்லாக் கணக்கு

ஷிஃப்ட் தொடங்கும்போது சில்லறைக்கென்று எவ்வளவு கையில் இருக்கும், முடியும்போது எப்படி ஒப்படைப்பது என்று தொகையோடு எழுதுங்கள். 5,000 ரூபாய் என்றால் 5,000. ரொக்கம், கார்டு, யுபிஐ மூன்றையும் சாஃப்ட்வேர் கணக்கோடு தனித்தனியாக ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டபின்தான் ஷிஃப்ட் மாறும்.

சில ஓட்டல்களின் பணி விவரத்தில் "பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கப்படும்" என்று ஒரு வரி பார்த்திருக்கிறேன். அதை எழுதாதீர்கள். பணியாளரின் கவனக்குறைவால்தான் நட்டம் என்பதைக் காட்டாமலும், அவர் சொல்வதைக் கேட்காமலும் பிடிப்பது சட்டப்படி செல்லாது. நடைமுறையிலும் அந்த வரி கெடுதல்தான் செய்யும். குறைந்தால் கைக்காசைப் போட்டு மறைப்பார்கள், அதிகம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். "வித்தியாசம் எவ்வளவு சிறிதானாலும் அன்றே எழுதித் தர வேண்டும்" என்பதே போதும்.

இரவு ஷிஃப்டைக் கணக்குப் போட்டு எழுதுங்கள்

"சுழற்சி முறையில் பணி" என்று மட்டும் எழுதினால் சேர்பவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 3 ஷிஃப்ட், மொத்தம் 21 இடம். வார விடுமுறை போக ஒருவர் 6 ஷிஃப்ட் பார்ப்பார். நான்கு பேர் இருந்தால் 24, மிச்சம் மூன்றுதான். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே காலையில் இரண்டு பேரை நிறுத்த முடியும், அதுவும் யாரும் லீவு போடாவிட்டால். ஐந்து பேர் இருந்தால் 30. எல்லாக் காலையும் இரண்டு பேர், லீவுக்கு இரண்டு மிச்சம்.

ஐந்து பேரும் இரவு பார்த்தால் ஆளுக்கு மாதம் ஆறு இரவு. அவர்களில் இரண்டு பேர் இரவு ஷிஃப்டுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மற்ற மூவருக்கும் பத்துப் பத்து. பெண் பணியாளரை இரவில் வேலைக்கு வைக்க அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்பதால் இந்தக் கணக்கை ஆள் எடுக்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது. பணி விவரத்தில் "மாதம் 6 முதல் 10 இரவுகள், இரவு ஷிஃப்டுக்குச் சம்மதம் தனியாகக் கேட்கப்படும், ஓட்டல் வண்டியில் வீடுவரை போக்குவரத்து" என்று எண்ணோடு இருந்தால், அது முடியாதவர் நேர்முகத்துக்கு முன்பே விலகிக்கொள்வார். இரண்டாம் மாதத்தில் வேலையை விடுவதைவிட அது இரு பக்கமும் நல்லது.

எட்டு மணி நேரமும் நிற்க வேண்டுமா, மேசைக்குப் பின்னால் ஸ்டூல் உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் உட்கார இடம் கொடுப்பதால் ஓட்டலின் மதிப்பு எதுவும் குறையாது.

தகுதி

ஓட்டல் மேனேஜ்மென்ட் பட்டம் என்று போட்டுவிட்டால், பட்டம் இல்லாமல் இரண்டு வருடம் லாட்ஜில் மேசை பார்த்த நல்ல ஆள் விண்ணப்பிக்கவே மாட்டார். கட்டாயம் வேண்டியது எது, சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்பது எது என்று பிரியுங்கள். ஓட்டல் சாஃப்ட்வேரை ஓரிரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எண்களைத் தப்பில்லாமல் பதியும் பழக்கத்தை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது.

மொழியை அளவோடு எழுதுங்கள். "தமிழில் தடையின்றி, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் படித்துப் பதில் எழுதும் அளவு, மலையாளம் அல்லது இந்தியில் போனில் தேதி, வாடகை, வழி சொல்லும் அளவு." இதை நேர்முகத்தில் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். "சிறந்த தொடர்பாற்றல்" என்பதைச் சோதிக்க வழியே இல்லை.

"அழகான தோற்றம்", "சிவந்த நிறம்", "திருமணமாகாத பெண்கள் மட்டும்" போன்ற வரிகள் இன்னும் விளம்பரங்களில் வருகின்றன. இவை வேண்டவே வேண்டாம். ஆளெடுப்பில் ஆண், பெண் வேறுபாடு பார்க்கக்கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டமே சொன்னது. உங்களுக்கு வேண்டியது சுத்தமான சீருடை, ஒழுங்கான தலைமுடி, பெயர் அட்டை என்றால் அதையே எழுதுங்கள். சீருடை யார் தருவது, சலவை யார் செலவு என்பதையும் சேருங்கள்.

சம்பளம்

"தகுதிக்கேற்ப" என்று எழுதாமல் தொகையைப் போடுங்கள். கிராஸ் எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்று இரண்டும் வேண்டும். எடுத்துக்காட்டாக கிராஸ் 18,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000 என்றால், பிஎஃப் 12 சதவீதம் 1,560, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 135. கையில் வருவது 16,305. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். இதை முன்பே சொல்லாவிட்டால் முதல் மாதமே "பதினெட்டு என்றீர்களே" என்று மனவருத்தம் வரும். சாப்பாடு, தங்குமிடம் உண்டா என்பதும் வெளியூர்க்காரருக்குச் சம்பளத்துக்குச் சமமான விஷயம். அசல் சான்றிதழ்களைப் பார்த்துத் திருப்பிவிடுவோம், டெபாசிட் எதுவும் வாங்குவதில்லை என்ற வரியையும் சேருங்கள். வேலை தேடுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் பயப்படுகிறார்கள்.

எழுதி முடித்தபின்

இப்போது மேசையில் இருக்கும் ஆட்களிடம் கொடுத்து, "நீங்கள் செய்து, இதில் இல்லாதது என்ன?" என்று கேளுங்கள். நிச்சயமாக இரண்டு மூன்று சொல்வார்கள். ரெஸ்டாரன்ட் மூடியபின் அறைக்குப் பால் கேட்டால் ரிசப்ஷனிஸ்ட்தான் போய்க் கொண்டுவருகிறார் என்பது போல ஏதாவது வரும். அது அவர் வேலைதானா, ரூம் பாய் வேலையா என்று அப்போதே முடிவு செய்து எழுதுங்கள்.

அப்புறம் அதே பணி விவரத்தை வைத்து நேர்முகத்துக்கு மூன்று சூழ்நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரப் பகுதியைப் படிக்கக் கொடுத்து, "இரவு ஒரு மணி, இவர் இருபது சதவீதம் கேட்கிறார், என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கலாம். படித்தவர் எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னால் எழுத்து தெளிவாக இருக்கிறது. ஆளுக்கொரு பதில் வந்தால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

வேலைக்கு எடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை அவருக்கும் கொடுங்கள். கீழே எழுதிய தேதியைப் போடுங்கள். வாடகை, செக்-இன் நேரம், சாஃப்ட்வேர், ஷிஃப்ட் இவற்றில் எது மாறினாலும் அந்தப் பக்கத்தைத் திருத்தி, புதுத் தேதியோடு எல்லாருக்கும் கொடுத்து, பழையதை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.